அடிப்படைத் தீர்வா, உகமத் தீர்வா? குழப்பம் தீர உதவுங்கள்

நேரியல் திட்டமிடலில் ஒரு சந்தேகம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கணக்கு இதுதான்: z = x + y பெருமமாக வேண்டும், எல்லா மாறிகளும் ≥ 0.

```
x + y + s = 4
x + 3y + t = 6
```

சமன்பாடு 2, மாறி 4 என்பதால் இரண்டைப் பூச்சியமாக்கினால் அடிப்படைத் தீர்வு, சரி. y = t = 0 என்றால் x = 6, s = -2 வருகிறது; அடிப்படைதான், ஆனால் குறை எண் இருப்பதால் ஏற்புடையதல்ல. x = 1, y = 1, s = 2, t = 2 நேர்மாறு: ஏற்புடையது, ஆனால் எதுவுமே பூச்சியம் இல்லாததால் அடிப்படை அல்ல. y = s = 0 என்றால் x = 4, t = 2, இது இரண்டும் சேர்ந்த அடிப்படை ஏற்புடைய தீர்வு, z = 4. அதற்கு மேல் போக முடியாது, முதல் சமன்பாடே தடுக்கிறது.

இதுவரை புரிகிறது. ஆனால் x = 3.5, y = 0.5, s = 0, t = 1 போட்டாலும் z = 4 தானே? மூன்று மாறிகள் பூச்சியமில்லை, அப்புறம் எப்படி இது உகமம்? உகமத் தீர்வு என்றாலே அடிப்படைத் தீர்வு என்றுதான் வகுப்பில் எழுதிக்கொண்டேன். (3, 1), (4, 0) இரண்டுக்கும் நடுப்புள்ளி என்பதால்தான் இப்படியா?