அட்டவணைக்குள் காணாமல் போன பேக்ஸ்லாஷ்

தர்ஷி, வெள்ளவத்தை: இரவுப் பணியில் இருப்பவர்களுக்காகக் கிட்ஹப்பில் ஒரு கட்டளை அட்டவணை வைத்திருக்கிறோம். நான் எழுதிய வரி இது:

```
| பிழை தேடல் | `grep "error\|warn" app.log` |
```

பக்கத்தில் பேக்ஸ்லாஷ் தெரியவில்லை. புதிதாகச் சேர்ந்த தம்பி அதை நகலெடுத்து ஓட்டினார், ஒரு வரிகூட வரவில்லை. பிழையே இல்லை என்று நம்பிப் படுத்துவிட்டார். பேக்டிக்குக்குள் எழுதியது எப்படி மாறும்?

நிரோஷன்: பேக்ஸ்லாஷே வேண்டாம் அக்கா. பேக்டிக்குக்குள் வெறும் பைப் போதும். எம்கேடாக்ஸில் நான் எப்போதும் அப்படித்தான் எழுதுகிறேன்.

சிவா, கொட்டாஞ்சேனை: எம்கேடாக்ஸில் சரி தம்பி. அதற்குள் ஓடும் பைதான்-மார்க்டவுன், பேக்டிக்குக்குள் இருக்கும் பைப்பில் வெட்டாது. கிட்ஹப் முதலில் வரியைப் பைப்பில் வெட்டிவிட்டு, அப்புறம்தான் பேக்டிக்கைப் பார்க்கிறது. வெறும் பைப் போட்டால் மூன்றாவது செல் உண்டாகும். தலைப்பில் இரண்டு நிரல்தான் இருப்பதால் அது சத்தமில்லாமல் விழுந்துவிடும். செல்லில் ஒற்றைப் பேக்டிக் தனியாக நின்றால் இதுதான் நடந்திருக்கிறது.

தர்ஷி, நீங்கள் போட்ட பேக்ஸ்லாஷ் வெட்டும் கட்டத்திலேயே கழன்றுவிட்டது. ஆனால் `-E` இல்லாத `grep` கட்டளைக்கு அது தேவை. இல்லாவிட்டால் `error|warn` என்று அப்படியே எழுதியிருக்கும் வரியைத்தான் தேடும். பிழைச் செய்தியும் வராது. இப்படி எழுதுங்கள்:

```
| பிழை தேடல் | `grep -E "error\|warn" app.log` |
```

பாத்திமா, கொம்பனித்தெரு: எனக்கும் இதே தொல்லைதான். செல்லுக்குள் மூன்று பேக்டிக் போட்டு ஐந்து வரி யாம்ல் வைத்தேன், அட்டவணையே உடைந்துவிட்டது.

சிவா: அது வேறு விஷயம் தங்கச்சி. ஒரு செல் ஒரே வரியில் முடிய வேண்டும், குறியீட்டுத் தொகுதி அதற்குள் போகாது. அட்டவணைக்குக் கீழே வையுங்கள்.

தர்ஷி: அண்ணா, பக்கத்தில் இப்போது சரியாகத் தெரிகிறது. ஆனால் எங்கள் ஆட்கள் பாதிப் பேர் சர்வரிலேயே மூலக் கோப்பைத் திறந்து நகலெடுக்கிறார்கள். அங்கே `-E` உடன் `\|` இருக்கிறது. `-E` வந்தால் `\|` வெறும் பைப் எழுத்தாகிவிடுகிறதே! திரும்பவும் ஒன்றும் வராது.

சிவா: உண்மைதான், அதை நான் யோசிக்கவில்லை. அப்படியானால் பைப்பே இல்லாமல் எழுதுவோம்:

```
| பிழை தேடல் | `grep -e error -e warn app.log` |
```

மூலத்திலும் பக்கத்திலும் ஒன்றுதான்.

நிரோஷன்: `ps aux | grep java` என்ன செய்வது? அங்கே பைப்பைத் தவிர்க்க முடியாதே.

சிவா: அந்த மாதிரிக் கட்டளைகள் அட்டவணைக்கு வெளியே போகட்டும். மூலத்திலிருந்து `\|` உடன் எடுத்தால் ஷெல் அதைப் பைப்பாகவே பார்க்காது, எல்லாவற்றையும் `ps` கட்டளைக்கே கொடுத்துவிடும்.

தர்ஷி: வெளியே எடுக்க எனக்கு மனமில்லை அண்ணா. இரவு இரண்டு மணிக்கு இருபது கட்டளையையும் ஒரே பார்வையில் பார்க்கத்தான் அட்டவணையே போட்டோம். `-e` வரியை இன்றே மாற்றுகிறேன். மற்றவற்றை அங்கேயே `\|` உடன் விட்டு, பக்கத்திலிருந்து மட்டும் நகலெடுக்கச் சொல்லப் போகிறேன்.

சிவா: சொன்னால் கேட்பார்களா? நான் வெளியேதான் வைப்பேன்.