கூர்மையா, விளிம்பெடுப்பா: வெப்கேம் அமைப்பில் ஒரு சொல்

முதல் மடல் (மொழிபெயர்ப்பாளர்)

அனைவருக்கும் வணக்கம். லினக்சில் வெப்கேமை அமைக்க உதவும் செயலி ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அதிலுள்ள `sharpness` என்பதற்குக் ‘கூர்மை’ என்று எழுதியிருந்தேன். இரவு வீடியோ அழைப்பில் முகம் மங்கலாகத் தெரிந்ததால் என் தங்கை அந்தப் பட்டையைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தாள். முகம் தெளியவில்லை, மூக்குக்கண்ணாடியின் சட்டத்தை ஒட்டி மெல்லிய வெள்ளைக்கோடு எழுந்தது, கன்னத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் கூடின. நான் எழுதிய சொல்தான் அவளைத் தவறான இடத்துக்கு அனுப்பியது என்று கருதுகிறேன். வேறு சொல் வேண்டும்.

மறுமொழி (கல்லூரி ஆசிரியர்)

‘தெளிவு’ என்று வைத்துவிடலாம். படத்தில் பிக்சல் எத்தனையோ அத்தனை தெளிவு. 720-இலிருந்து 1080-க்கு மாற்றினால் தங்கையின் சிக்கலும் தீர்ந்துவிடும்.

மறுமொழி (ஒளிப்பதிவுப் பயிற்றுநர்)

ஐயா, நல்ல வெளிச்சத்தில் நீங்கள் சொல்வது ஓரளவு பொருந்தும். இங்கே குறை ஒளியில் இருப்பதால், பிக்சலைக் கூட்டினாலும் அதே மங்கல் பெரிதாகத்தான் தெரியும். `sharpness` புதிதாக எந்த விவரத்தையும் கொண்டுவருவதில்லை. இருளும் ஒளியும் சந்திக்கும் ஓரத்தில் கருப்பை இன்னும் கருப்பாகவும் வெளுப்பை இன்னும் வெளுப்பாகவும் ஆக்குகிறது, அவ்வளவே. புள்ளிகளுக்கும் ஓரம் உண்டு என்பதால் அவையும் சேர்ந்து எழும்புகின்றன. அழைப்புச் செயலி படத்தைச் சுருக்கி அனுப்பும்போது அந்தப் புள்ளிகளையும் விவரமாகவே எண்ணி அவற்றுக்கே தரவைச் செலவிடுவதால், எதிர்முனையில் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது.

தங்கையை ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். புத்தகம் ஒன்றை அசையாமல் பிடித்தால் எழுத்து தெரிந்து, கையை ஆட்டினால் விரல்கள் இழுபட்டால், கேமரா ஒவ்வொரு சட்டகத்துக்கும் அதிக நேரம் ஒளியை வாங்குகிறது என்று பொருள். வினாடிக்கு 30 சட்டகம் என்றால் ஒன்றுக்கு 33 மில்லிவினாடிதான் கிடைக்கும். இருட்டில் பல கேமராக்கள் தாமாகவே 15 சட்டகத்துக்கு இறங்கி, அந்த நேரத்தை இரட்டிப்பாக்கிக்கொள்கின்றன.

முதலில் விளக்கு. மேசை விளக்கை முகத்துக்குப் பக்கவாட்டில், கேமராவின் பின்புறமாக வைக்கட்டும். சிறிய விளக்கைப் பாதித் தொலைவுக்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய நான்கு மடங்கு ஒளி கிடைக்கும். பகலில் சன்னல் முதுகுக்குப் பின்னால் இருக்கக்கூடாது. கேமரா சன்னலின் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைக் குறைத்துக்கொள்ள, முகம் இருண்டுவிடும். அதற்குப் பிறகு இவற்றைக் கொடுக்கலாம்:

```
v4l2-ctl -d /dev/video0 -c power_line_frequency=1
v4l2-ctl -d /dev/video0 -c auto_exposure=1
v4l2-ctl -d /dev/video0 -c exposure_time_absolute=200
```

இதில் 200 என்பது 20 மில்லிவினாடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் சில விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கின்றன. 10 மில்லிவினாடியின் மடங்காக நேரத்தை வைத்தால் படத்தில் இருண்ட வரிகள் ஓடா. எல்லாக் கேமராக்களிலும் இந்தப் பெயர்கள் இருக்கமாட்டா. `--list-ctrls` கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். சொல்லுக்கு என் முன்மொழிவு: ‘விளிம்புத் தீட்டல்’.

மறுமொழி (பள்ளி ஆசிரியை)

என் வகுப்புகளிலும் இதே தொல்லைதான். பல நாள் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் மடிக்கணினியின் கேமராவைத் துணியால் துடைத்ததும் சரியாகிவிட்டது. அதன் கண்ணாடியின்மேல் விரல் எண்ணெய் படிந்திருந்தது. ‘துடைப்பு’ என்ற பொருளில் ஒரு சொல் வைக்க முடியாதா?

மறுமொழி (ஒளிப்பதிவுப் பயிற்றுநர்)

அம்மா, அது வேறு நோய். அசையாத எழுத்தும் மங்கலாக இருந்தால் கண்ணாடியில் அழுக்கு, அல்லது குவியம் தவறு. அங்கே துடைப்பதே முதல் மருந்து. இந்தப் பட்டை அதற்கு உதவாது.

மறுமொழி (அகராதித் தொகுப்பாளர்)

‘தீட்டல்’ கத்திக்குப் பொருந்தும், ஓவியத்துக்கும் பொருந்தும். ஆனால் ‘தீட்டு’ என்றால் வீடுகளில் வேறொன்று நினைவுக்கு வரும். பொத்தானில் அது வேண்டாம். சேலையின் கரை எடுப்பாகத் தெரிகிறது என்கிறோமே, அதிலிருந்து ‘விளிம்பெடுப்பு’ என்று ஆக்கலாம். ஓரத்தை மட்டும்தான் தொடுகிறது என்பது சொல்லிலேயே நிற்கும். கூட்டினால் முகம் தெளியும் என்ற நம்பிக்கையை அது தராது.

மறுமொழி (கல்லூரி ஆசிரியர்)

மற்ற செயலிகளில் ‘கூர்மை’ பழகிவிட்டது. இங்கே மட்டும் மாற்றினால் பயனர் தேடித் திணறுவார் என்ற என் தயக்கம் அப்படியே இருக்கிறது.

மறுமொழி (மொழிபெயர்ப்பாளர்)

தங்கை பட்டையை நடுவுக்குக் கொண்டுவந்து, விளக்கை ஒரு முழம் அருகே நகர்த்தினாள். வெள்ளைக்கோடு மறைந்தது, விரல்கள் இழுபடுவது குறைந்தது, முற்றிலும் போகவில்லை. பொத்தானில் ‘விளிம்பெடுப்பு’ என்றும், அதன்மேல் சுட்டியை வைத்தால் ‘படத்தின் கூர்மை அமைப்பு’ என்றும் தோன்றும்படி தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். `exposure_time_absolute`-க்கு ‘ஒளியேற்பு நேரம்’ போதுமா, ‘ஒளிபடு நேரம்’ நல்லதா என்று நாளைக்குள் சொல்ல முடியுமா?