அத்தையின் நெஞ்சு அடைப்பை டாக்டருக்கு எப்படி எழுதிக் கொடுப்பது?

ஹட்டன் பக்கம் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் அத்தையோடு, வான் வந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறோம். அவர் சொல்வது: “கொஞ்ச நாளா நெஞ்ச அடைக்குது, ஒரேடியா முடியல, அப்புறம் சரியாயிடுது.” கேட்டுக் கேட்டு இப்படி எழுதியிருக்கிறேன்:

“தைப்பொங்கலுக்குப் பிறகு தொடங்கியது. கொழுந்தோடு மேடு ஏறும்போது நடு நெஞ்சு இறுகும், நின்றால் ஐந்து நிமிடத்தில் விடும். முதலில் வாரத்துக்கு ஒரு தடவை. இந்த வாரம் தினமும், சமதரையில் நடந்தாலும் வருகிறது.”

கடைசி வரியை முதலில் போடலாமா? குறைந்த வேலைக்கே வருகிறது என்றால் நோய் கூடுகிறது. “கொஞ்ச நாளா” என்பதில் அது மறைந்தே போயிருந்தது.

கடுமைதான் சிக்கல். பத்துக்கு எவ்வளவு என்றால், பல்வலிக்கும் பத்துதான் சொல்வார் அத்தை! அதனால் “முன்பு லயத்திலிருந்து மலைக்கு ஒரே மூச்சில் ஏறுவார், இப்போது வழியில் இரண்டு தடவை உட்காருகிறார்” என்று எழுதினால் சரியா? வியர்வை இல்லை, கைக்கோ தாடைக்கோ வலி பரவவில்லை என்பதையும் சேர்க்க வேண்டுமா? தாதிமார், டாக்டர்மார் யாராவது உடனே சொல்லுங்கள்.

(சும்மா இருக்கும்போதே அடைத்தால் வானுக்குக் காத்திருக்க மாட்டோம், 1990 அம்புலன்ஸ்தான்.)