உதவி: வழியனுப்பும் பாட்டு மேஜரில் கொண்டாட்டமாவும் மைனரில் இழவு வீடு மாதிரியும் கேக்குது

பல்லவிக்காரன்:
நண்பனை வழியனுப்பும் பாட்டு. அவன் போறதுல சந்தோஷம், வீடு வெறிச்சோடுறதுல வருத்தம். ரெண்டும் வேணும். பல்லவி இது:

```
C        G          C
போய் வா, வழியெல்லாம் வெளிச்சம்
F          F      C
உன் நாற்காலி மட்டும் காலி
```

இப்படியே வாசிச்சா பிறந்தநாள் பாட்டு மாதிரி இருக்கு. மொத்தத்தையும் Cm-க்கு மாத்தினா யாரோ செத்துட்ட மாதிரி இருக்கு. எதை எடுக்கறது?

டெம்போ_தாஸ்:
வரி சோகம்னா மைனர்தான், யோசிக்கவே வேணாம். மேஜர்லதான் வேணும்னா வேகத்தைக் குறைங்க. 96-ல இருந்தா 70-க்கு இறக்குங்க, சோகம் தானா வரும்.

ஆறாந்தந்தி:
தாஸ், வேகத்தைக் குறைச்சா பாட்டுக்குக் கனம் கூடும், அது உண்மை. ஆனா கூடுற கனம் ரெண்டு வரிக்கும் ஒரே அளவா கூடும். இங்க முதல் வரி சிரிக்கணும், ரெண்டாவது வரி நெஞ்சைப் பிடிக்கணும்.

பல்லவிக்காரன், Cm ஏன் இழவா கேக்குதுன்னு பாருங்க. 'வெளிச்சம்' எந்த சுரத்துல முடியுது?

பல்லவிக்காரன்:
E-ல. Cm-க்குப் போனதும் அதை E♭ ஆக்கிட்டேன்.

ஆறாந்தந்தி:
அங்கதான் கெட்டது. வெளிச்சம்ங்கற சொல்லையே இருட்டாக்கிட்டீங்க. முதல் வரியைத் தொடாதீங்க, C மேஜராவே இருக்கட்டும்.

ரெண்டாவது வரியில வலி 'காலி'யில இல்லை, 'மட்டும்'ல இருக்கு. எல்லாம் நல்லா இருக்கு, இது ஒண்ணுதான் குறைன்னு சொல்ற சொல் அது. அதுக்கு அடியில மட்டும் F-ஐ Fm ஆக்குங்க:

```
F          Fm     C
உன் நாற்காலி மட்டும் காலி
```

F-ல இருக்கற A, Fm-ல அரைச்சுரம் இறங்கி A♭ ஆகும். அடுத்து C வரும்போது இன்னொரு அரைச்சுரம் இறங்கி G-ல உக்காரும். காதுக்குப் படுறது இந்த ரெண்டு படிதான். ரெண்டு தாளம் Fm போதும். நாலு தாளம் நிறுத்தினா பாட்டே மைனருக்குப் போயிட்ட மாதிரி ஆயிடும்.

நிஷாதம்:
இது நம்ம சரசாங்கிதானே! சங்கராபரணத்துல தைவதத்தை மட்டும் த1 ஆக்கினா வர்றது. முழுப் பாட்டையும் அதுலயே போடுங்களேன்.

ஆறாந்தந்தி:
சுரக்கணக்கு சரி. ஆனா நான் சொன்ன வரியில த2-வும் வருது, அடுத்த நொடியே த1-உம் வருது. சரசாங்கியில த2 கிடையாது. முழுக்க அதுல போட்டா A-ல இருந்து A♭-க்கு இறங்கற அந்தப் படி காணாமப் போயிடும். வேற அழகு வரும், இந்த அழகு வராது.

நிஷாதம்:
ராகமா பாத்தா அது குறையே இல்லை. சரி, உங்க விருப்பம்.

பல்லவிக்காரன்:
Fm போட்டேன். 'மட்டும்' வந்ததும் பல் கூசுது. கிட்டாரைத் திரும்ப சுருதி கூட்டியும் பாத்தாச்சு.

ஆறாந்தந்தி:
சுருதி காரணமில்லை. 'மட்டும்' பாடற மெட்டு A-ல நிக்குதா? அப்படின்னா குரல் A, கிட்டார் A♭, ரெண்டும் இடிக்கும். 'மட்'டை A♭-ல பாடி 'காலி'யை G-க்கு இறக்குங்க. பாடறவருக்கு A♭ பிடிபடலைன்னா C-ஐயே நீட்டலாம், அது F, Fm ரெண்டுலயும் இருக்கு.

அதுக்கப்புறமும் கூசினா கீபோர்டைப் பாருங்க. பின்னணியில F கார்டை அழுத்தியபடியே விட்டிருப்பாங்க.

சுருதிப்பெட்டி:
இடையில என் சந்தேகம். என் பாட்டு Am, நம்பிக்கையோட முடியணும்னு கடைசியில A மேஜர் போட்டேன். தப்பா வாசிச்ச மாதிரி இருக்கு.

ஆறாந்தந்தி:
கடைசிச் சொல் C-ல நிக்கும், அதான். A மேஜர்ல இருக்கறது C♯. மெட்டை A-லயோ E-லயோ முடிங்க.

பல்லவிக்காரன்:
கீபோர்டுதான்! ரெண்டு கார்டு நீளத்துக்கு F ஓடிட்டிருந்தது. இப்ப சரியா இருக்கு. எல்லாப் பல்லவியிலும் Fm போடலாமா?

ஆறாந்தந்தி:
போட்டா மூணாவது முறைக்குக் காது பழகிடும். முதல் முறை சாதா F வையுங்க, ரெண்டாவது முறை Fm. கடைசிப் பல்லவியில 'வெளிச்சம்' வரும்போது மெட்டு E-லயே இருக்கட்டும், அடியில C-க்குப் பதிலா Am போட்டுப் பாருங்க. சுரம் மாறாது, வெளிச்சம் கொஞ்சம் மங்கும்.

டெம்போ_தாஸ்:
அப்ப முடிவையும் Am-லயே வைக்கலாமே? C-ல முடிச்சா வருத்தம் தீர்ந்துட்ட மாதிரி ஆயிடுது.

ஆறாந்தந்தி:
எனக்கு C-தான். வழியனுப்பறவன் கதவை மூடும்போது சிரிச்ச முகமாத்தான் இருப்பான்.

பல்லவிக்காரன்:
ரெண்டையும் பதிஞ்சு வெச்சிருக்கேன். Am-ல முடிச்சா இன்னொரு சரணம் வரும்னு காத்திருக்கற மாதிரி இருக்கு, அது குறையா நிறைவான்னு இன்னும் புரியலை.