பழைய சுவரில் முளைத்த மரம்: பிடுங்கியவர்கள், வெட்டியவர்கள், விட்டுவைத்தவர்கள் எழுதுங்கள்

தேவகி

தம்பி வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று. நூறாண்டுக் கட்டடம், சுண்ணாம்புச் சாந்து. ஆண்டுதோறும் யாராவது ஏறி வெட்டுவார்கள், அடுத்த மழைக்கு ஒன்றுக்கு நான்காகத் துளிர்க்கும். இந்த முறை வேலைக்கு வந்தவர் வெட்டவில்லை. அடிமரத்தில் கயிறு கட்டி இருவராக இழுத்தார்கள்.

கன்று வந்தது. அதோடு செங்கல் இரண்டு வரிசையும் வந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றது உடைந்த வாயைத்தான். சந்துக்குள் வேர் உருண்டையாக இல்லை, நாடா போலத் தட்டையாக நசுங்கிக் கிடந்தது. சாந்து இருக்க வேண்டிய இடம் முழுவதும் வேர்தான். அந்த இடத்தில் செங்கல்லைப் பிடித்து வைத்திருந்தது சாந்தா, வேரா என்று இன்றுவரை யோசிக்கிறேன். எதிர் மூலையில் இன்னொன்று இருக்கிறது, மணிக்கட்டு கனம்.

பொறியாளர்வீடு

இதற்கா இவ்வளவு? வெட்டிவிட்டு, கட்டையில் ஓட்டை போட்டு, கல் உப்பைத் திணித்து மேலே ஆசிட் ஊற்றுங்கள். எங்கள் பழைய வீட்டில் அப்படித்தான் செய்தோம், மரம் செத்தது. பிறகு சிமென்ட் வைத்து அடைத்துவிட்டால் காற்றும் போகாது, விதையும் போகாது. வெட்டியதோடு விடுவதுதான் தப்பு, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

சுண்ணாம்புச்சட்டி

பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. மேலே சொன்னதில் பாதி சரி. வெட்டுவாயில் மருந்து வைக்காமல் விட்டால் துளிர்க்கும், வேர் இன்னும் தடிக்கும். ஆனால் ஆசிட் சுண்ணாம்பைக் கரைக்கும். மரத்தைக் கொல்லப் போய்ச் சாந்தைத் தின்ன வைப்பீர்கள். உப்பு அதைவிட மோசம். ஈரத்தோடு சுவருக்குள் நடந்து, காயும் இடத்தில் படிகமாகி, செங்கல்லின் முகத்தை மாவாக உதிர்க்கும். மரம் செத்துப் பல ஆண்டுகள் கழிந்தும் அது நிற்காது. சிமென்ட் அடைப்பு சுண்ணாம்புச் சுவரைவிடக் கெட்டி, உள்ளே போன நீரை வெளியே விடாது. ஈரம் தங்கினால் அடுத்த விதைக்கு அதுதான் நாற்றங்கால்.

தேவகி அவர்களே, எதிர் மூலைக் கன்றைத் தொடும் முன் சுவரைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று கேட்டாலோ ஒரு பக்கம் உப்பியிருந்தாலோ முதலில் முட்டுக் கொடுங்கள், சாரம் கட்டுங்கள். கிளைகளை மேலிருந்து கீழாகக் கழித்து, கடைசியில் அடிமரத்தை ஒரு விரல் நீளம் விட்டு அறுத்துவிடுங்கள். அறுத்த சில நிமிடங்களுக்குள் கிளைபோசேட் களைக்கொல்லியைத் தூரிகையால் வைக்க வேண்டும். தாமதித்தால் வெட்டுவாய் காய்ந்து மருந்தை உள்ளே இழுக்காது. முழு வட்டத்துக்கும் பூச வேண்டியதில்லை, நடுக்கட்டை எதையும் கடத்தாது. பட்டையை ஒட்டிய பச்சை வளையந்தான் வேருக்கு வழி. தெளிப்பதற்குக் கலக்கும் நீர்த்த அளவு இங்கே போதாது, வெட்டிய கட்டைக்கென்று குப்பியில் அச்சிட்டிருக்கும் அளவைப் பாருங்கள். சில இடங்களில் உரிமம் உள்ளவர்தான் கையாளலாம், கையுறை எப்போதும் வேண்டும். மழை வரும் நாளில் வேண்டாம்.

பிறகு காத்திருப்புதான். துளிர் வந்தால் மறுபடி மருந்து. ஒரு வளர்ச்சிக் காலம் முழுக்கத் துளிர் இல்லை என்றால்தான் செத்தது என்று எடுத்துக்கொள்ளலாம். செத்த வேர் காய்ந்து சுருங்கும், அப்போது கையால் வருவதை மட்டும் எடுங்கள். வராததை விட்டுவிடுங்கள். அது மட்கிப் போகும் பொந்தில் பின்னால் சுண்ணாம்புக் குழம்பு செலுத்திக்கொள்ளலாம். உங்கள் கேள்விக்குப் பதில், வேர்தான் பிடித்து வைத்திருந்தது. அதனால்தான் இழுக்கக் கூடாது என்கிறோம்.

இன்னொன்று. பறவை எச்சத்தில் விதை எங்கும் விழும், ஈரம் நிற்கிற இடத்தில்தான் முளைக்கும். அந்த மூலையில் மழைநீர்க் குழாய் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கொடிவீட்டுக்காரி

என் வீட்டுப் பக்கச் சுவர் முழுக்கக் கொடி. இரண்டு வகை. ஒன்று சுற்றிப் படர்வது, மற்றொன்று சிறு ஒட்டுகளால் பற்றுவது. இதைப் படித்த பிறகு இரவில் தூக்கம் வரவில்லை. எல்லாவற்றையும் எடுக்கச் சொல்கிறார் என் கணவர். வெட்டுவாயில் மருந்து வைக்கும்போது கொடியின் பூக்கள் வாடுமா?

பொறியாளர்வீடு

எடுத்துவிடுங்கள் அம்மா. கொடி என்றால் ஈரம், ஈரம் என்றால் சுவர் போச்சு.

சுண்ணாம்புச்சட்டி

அம்மா, மருந்து வைத்தால் பூ மட்டுமல்ல, கொடியே வாடும், அதற்குத்தான் மருந்து. ஆனால் உங்களுடையது அரசமரம் இல்லை. நல்ல சுவரில் கொடி மேலோடு நிற்கும், கெட்ட சுவரில் உள்ளே நுழையும். ஐவி கொடியைப் பற்றி ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்த அளவீட்டில், கொடி மூடிய கல்லில் வெப்பமும் ஈரமும் திறந்த கல்லில் ஏறி இறங்குவதைவிடக் குறைவாகவே ஏறி இறங்கின. அதாவது சில சுவர்களுக்கு அது போர்வையாகவும் இருக்கிறது.

ஒரு நுனியை மெல்ல இழுத்துப் பாருங்கள். ஒட்டுகளின் தடம் மட்டும் மிஞ்சினால் விடலாம். தண்டு விரிசலுக்குள் போய்த் தடித்திருந்தால் இழுக்காமல் நிறுத்துங்கள், அதை அடியில் அறுக்க வேண்டும். அதற்கு முன் மேலே எங்காவது சுவரிலேயே வேர் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால், அடியில் அறுத்ததும் அது சுவரையே நிலமாக்கிக்கொள்ளும். அங்கேயும் அறுத்து மருந்து வைக்க வேண்டும். இலை முற்றிலும் கருகிய பிறகுதான் பிய்க்கலாம். பச்சையாகப் பிய்த்தால் பூச்சு உரியும். சுற்றிப் படர்வதற்குச் சுவரிலிருந்து கை அகலம் தள்ளி ஒரு கம்பிச் சட்டம் போதும்.

வழிப்போக்கன்

மரத்தோடு சேர்ந்தே நிற்கும் கட்டடங்களை நீங்கள் மறந்துவிட்டீர்கள். கம்போடியாவில் அங்கோர் தா ப்ரோம் கோயிலில் மரங்களை வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறார்கள். உலகமே பார்க்க வருகிறது. இங்கே ஒரு கன்றைக் கண்டதும் கத்தியும் மருந்தும்.

தேவகி

அங்கே சுவருக்குக் கீழே என் தம்பியின் குழந்தைகள் விளையாடுவதில்லை.

சுண்ணாம்புச்சட்டி

தா ப்ரோமில் மரத்தைச் சும்மா விடவில்லை. தாங்கிகள் நிறுத்தி, சரிந்த பகுதிகளை எடுத்துக் கட்டி, இந்தியத் தொல்லியல் துறையும் கம்போடியத் தரப்பும் சேர்ந்து பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆளும் பணமும் கண்காணிப்பும் இருந்தால் உங்கள் வீட்டிலும் விடலாம்.

கரிசல்மண்

என் கதை வேறு மாதிரி. மரம் சுவரில் இல்லை, சுவருக்கு வெளியே பத்தடி தூரத்தில் நின்றது. பெரிய மரம். கோடையில் சுவரில் விரிசல் கீழே அகலமாகவும் மேலே மெலிந்தும் தெரிந்தது, மழையில் மூடிக்கொண்டது. வேர் அடித்தளத்தைத் தூக்குகிறது என்றார்கள், மரத்தை அப்படியே வெட்டினோம். அடுத்த இரண்டு மழைக்காலத்தில் சுவர் தரையோடு எழும்பி வேறு இடத்தில் பிளந்தது. வேர் தூக்கவில்லையாம். களிமண்ணின் நீரை மரம் குடித்து மண்ணைச் சுருக்கி வைத்திருந்ததாம், மரம் போனதும் மண் ஊதிவிட்டதாம். வெட்டிய பிறகு சொல்கிறார்கள்.

பொறியாளர்வீடு

படிப்படியாக வெட்டியிருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் மூன்றில் ஒரு பங்கு கிளையைக் கழித்தால் மண் மெல்ல மெல்ல ஊறும், சுவருக்குத் தெரியாது.

சுண்ணாம்புச்சட்டி

அதை நம்புகிறவர்கள் உண்டு. எனக்கு நம்பிக்கை குறைவு. கிளை கழித்த மரம் அடுத்த பருவத்திலேயே இலையைத் திருப்பிக்கொண்டு அதே அளவு நீரை இழுக்கிறது. மொத்தத்தில் மண் ஊதுகிற அளவு மாறாது, தள்ளிப்போகும். மரத்தைவிட வீடு மூத்ததா, இளையதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். மரம் இருந்த மண்ணில் பின்னால் வீடு கட்டியிருந்தால், எடுத்ததும் ஊதுவதற்கு வாய்ப்பு அதிகம். கரிசல்மண், உங்கள் வீடு மரத்துக்கு முன்னதா, பின்னதா?

கரிசல்மண்

பின்னது. வாங்கும்போதே மரம் பெரிதாக நின்றது.

பொறியாளர்வீடு

அப்படியானாலும் மூன்று பங்காகக் கழித்திருக்கலாம் என்பதுதான் என் கட்சி.