மில்லா, உரக்கடையா: யார் உண்மையில் சம்பாதித்தது?

மன்னைவாசி: எங்கள் குடும்பத்துக்கு மன்னார்குடி பக்கம் ஒரு ரைஸ் மில், கும்பகோணத்தில் ஒரு உரக்கடை. போன வருஷம் வட்டி கழிக்காமல் மில் லாபம் 58 லட்சம், கடை லாபம் 21 லட்சம். மில்லைப் பார்க்கும் தம்பி அதிகப் பங்கு கேட்கிறான். ஆடிட்டரோ, போட்ட முதலுக்கு 12 சதவீதம் கழித்தால் மில் 14 லட்சம் நஷ்டம், கடை 10 லட்சம் மிச்சம் என்கிறார். எதை நம்புவது?

வெண்ணாறு: லாபம்தான் கையில் வரும் காசு. இந்த 12 சதவீதத்தை எந்த பேங்கில் கட்டினீர்கள்? கட்டாத வட்டியைக் கழித்து, உழைத்தவனை நஷ்டக்காரன் ஆக்குவது நியாயமே இல்லை.

குடந்தை கணக்கர்: அந்த முதலில் பாதி பேங்க் கடன், பாதி உங்கள் அப்பா போட்டது என்று வைத்துக்கொள்வோம். சொந்தப் பணத்துக்குக் கூலி இல்லை என்று வைத்தால், எவ்வளவு பெரிய மில் கட்டினாலும் லாபம் தெரியும். அதனால் பேங்க் வட்டியையும் கழியுங்கள், 12 சதவீதத்தையும் கழியுங்கள்.

பழைய காஸ்டிங்காரர்: கணக்கரே, முதல் பாதி சரி, பின்பாதி தவறு. 12 சதவீதத்துக்குள்ளேயே பேங்க் வட்டி அடக்கம். இரண்டையும் கழித்தால் கடன் பணத்துக்கு இரண்டு முறை வட்டி போட்டதாகிவிடும். ஆடிட்டர் வட்டி கழிக்காத லாபத்தை எடுத்தது சரி. மன்னைவாசி, அவர் முதலை எந்தத் தேதியில் எடுத்தார்?

மன்னைவாசி: மார்ச் 31 பேலன்ஸ் ஷீட்டில். மில் 6 கோடி, அதில் கட்டடம், மெஷின் 2.4 கோடி. மீதி நெல்லும் பாக்கியும். கடை 90 லட்சம்.

பழைய காஸ்டிங்காரர்: கோளாறு அங்கேதான். தை, மாசியில் சம்பா அறுவடை. மார்ச் கடைசியில் உங்கள் மில்லில் நெல் மூட்டை அட்டி கூரையைத் தொடும். கடைக்கு அப்படியே தலைகீழ். ஐப்பசி, கார்த்திகையில் மேலுரத்துக்குக் கொடுத்த கடனெல்லாம் அறுவடைப் பணத்தில் வசூலாகி, அன்றைக்குக் கடை காலியாக இருக்கும். பன்னிரண்டு மாதக் கடைசி இருப்பையும் கூட்டி சராசரி எடுத்துப் பாருங்கள்.

ராமு, திருவாரூர்: இப்படிக் கழித்தால் வருமான வரியில் ஒத்துக்கொள்வார்களா?

பழைய காஸ்டிங்காரர்: ராமு, இது வீட்டுக்குள் பங்கு பிரிக்கும் கணக்கு. வரிக்கு இதில் வேலை இல்லை.

மன்னைவாசி: இரவு உட்கார்ந்து எடுத்தேன். மில்லில் நெல், பாக்கி சராசரி 1.8 கோடிதான். மொத்த முதல் 4.2 கோடி, 12 சதவீதம் 50.4 லட்சம். மிச்சம் 7.6 லட்சம். கடை சராசரி 1.5 கோடி, 18 லட்சம் போக 3 லட்சம். அப்படியே புரண்டுவிட்டது!

வெண்ணாறு: பார்த்தீர்களா, தேதியை மாற்றினால் பதிலும் மாறுகிறது. இதை வைத்தா பங்கு பிரிப்பது? அதோடு, முதலுக்கு வட்டி என்று பயமுறுத்தினால் தம்பி பழைய நெல்லே வைக்க மாட்டான். மில்லுக்குப் பேரே பழைய அரிசிதான்.

பழைய காஸ்டிங்காரர்: பழைய நெல்லை வைத்தே பாருங்கள். ஒரு மூட்டை 1,800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் கிடந்தால் மாதம் ஒரு சதவீதம் வீதம் 108 ரூபாய். நெல் காய்ந்து எடை குறைவதும் எலி தின்பதும் ஒரு 36 ரூபாய். பழையது என்று 100 ரூபாய் கூடுதலாக விற்றால் லாபக் கணக்கு 64 ரூபாய் வரவு காட்டும், இந்தக் கணக்கு 44 ரூபாய் நஷ்டம் காட்டும். 144க்கு மேல் கிடைக்கும் ரகத்தைத் தாராளமாக வைக்கட்டும். எந்த ரகத்தை வைப்பது, எதை உடனே அரைப்பது என்று லாபக் கணக்கு சொல்லவே சொல்லாது.

ஆடுதுறை அக்கா: எங்கள் கம்பெனியில் இந்த முறையில்தான் போனஸ் கொடுத்தார்கள். கறுப்பு அரிசியைப் பிரித்துத் தள்ளும் கலர் சார்ட்டர் மெஷின் கிழடாகி, அது கலந்து மூட்டை திரும்பி வந்துகொண்டே இருந்தது. மேனேஜர் மாற்றவில்லை. தேய்மானம் போய்ப் புத்தகத்தில் அதன் மதிப்பு சொற்பம், அதனால் அவர் மிச்சம் வருஷாவருஷம் தானாக ஏறியது. புதுசு வாங்கினால் முதல் வருஷமே மிச்சம் விழும். லாபக் கணக்கு இவ்வளவு ஆசை காட்டாது.

பழைய காஸ்டிங்காரர்: உண்மைதான் அக்கா. ஜெனரல் எலக்ட்ரிக் 1950களில் பிடித்த வழி இது. இந்த ஓட்டை அதோடு பிறந்தது. 1990களில் ஸ்டெர்ன் ஸ்டூவர்ட் என்ற ஆலோசனை நிறுவனம் பரப்பிய ஈவிஏ என்ற இதே மாதிரிக் கணக்கு, வரி போன பிறகு கணக்கிட்டு, புத்தக லாபத்திலும் முதலிலும் பல திருத்தங்கள் செய்யச் சொல்கிறது. தேய்மானத்தை மெஷின் சம்பாதிக்கும் போக்குக்கு ஏற்றபடி மாற்றுவது அதில் ஒன்று. ஒரு மில்லுக்கு அவ்வளவு வேண்டாம். மெஷினைப் புத்தக மதிப்பில் வைக்காமல் வாங்கிய விலையிலேயே வைத்தால், கிழட்டு மெஷினுக்குச் சலுகை கிடைக்காது. ஆனால் முதல் கூடும், மில்லின் 7.6 லட்சம் குறையும். தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வெண்ணாறு: சராசரியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாசியில் வாங்கிய நெல்லுக்கு இந்த வருஷம் வட்டி, ஆவணியில் விற்ற லாபம் அடுத்த வருஷம். மார்ச்சில் பங்கு பிரித்தால் தம்பிக்கு அடிதானே?

மன்னைவாசி: அதைத்தான் அவனும் காலையில் கேட்டான். பங்கு பிரிப்பதைப் புரட்டாசிக்குத் தள்ளலாமா என்று யோசிக்கிறோம். ஆனால் அப்போது கடைக்காரர் பணமெல்லாம் ஊரில் கடனாக நிற்கும்.