பால்கனியை ஒட்டிய கிளையில் தேன்கூடு: ஹவுஸ் ஓனரிடம் எப்படிக் கேட்பது?

வாடகைக்குடி:
இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். காம்பவுண்டுக்குள் நிற்கும் மரத்தின் கிளை ஒன்று வளர்ந்து பால்கனி கம்பியைத் தொடுகிறது. வெட்டச் சொல்லி முன்பே கேட்டேன், "பார்க்கலாம்" என்றார் ஓனர். இப்போது அதே கிளையில், கம்பியிலிருந்து ஆறேழு அடி தள்ளி, தேனீ கூடு வைத்துவிட்டது. மறுபடி போன் பண்ணினால், "ஆள் விட்டுக் கிளையை நீங்களே வெட்டிக்குங்க, கூடும் சேர்ந்து போயிடும்" என்கிறார். வீட்டில் சின்னப் பையன் இருக்கிறான். ஓனரிடம் என்ன சொன்னால் புரியும்?

மாடிவீட்டு அக்கா:
எங்க ஜன்னல் மூலையிலும் இப்படித்தான் மண்ணைக் குழைச்சுக் கட்டி வச்சிருந்துச்சு. தொடப்பக்கட்டையால ஒரு தட்டு, உதிர்ந்துடுச்சு. இதுக்கெல்லாமா ஓனர்கிட்ட போய் நிக்கறது?

தேன்பெட்டி:
அக்கா, மண்ணுல கட்டினது குளவி. அது தனியா வாழுறது, கூட்டைக் காப்பாத்தப் படை திரட்டி வராது. தேன்கூட்டுல அந்தத் தட்டைத் தட்டிடாதீங்க.

வாடகைக்குடி, கதவைச் சாத்திட்டுக் கண்ணாடி வழியா நல்லாப் பாருங்க. அடையே இல்லாம தேனீ மட்டும் கொத்தாத் தொங்குதுன்னா, அது இடம் தேடிப் போற வழியில இளைப்பாறுற கூட்டம். சில மணி நேரத்துலயோ ஓரிரு நாள்லயோ தானே கிளம்பிடும். உள்ளங்கை அளவு சின்ன அடைன்னா கொம்புத்தேனீ, பெரும்பாலும் சாது. கிளைக்கு அடியில ஒரே ஒரு பெரிய அடை தொங்குதா?

வாடகைக்குடி:
ஒரே அடைதான், இரண்டடி அகலம் இருக்கும். மேலே முழுக்கத் தேனீ போர்த்தியிருக்கு. அப்பப்போ அதுமேல அலை மாதிரி ஒண்ணு ஓடுது.

தேன்பெட்டி:
அப்போ மலைத்தேனீ. எதிரி பக்கத்துல வந்தா வயித்தைத் தூக்கிக் காட்டி அப்படித்தான் அலை விடும்.

ஓனர் சொல்ற முறையில ஆபத்து இதுதான்: ரம்பம் வச்ச உடனே அதிர்வு கிளை வழியா அடைக்குப் போகும். ஒரு தேனீ கொட்டினா, கொட்டின இடத்துலேர்ந்து ஒரு வாசனை கிளம்பி மத்ததையும் அங்கேயே இழுக்கும். மேல ஏறினவர் ஏணியை விட்டு இறங்குறதுக்குள்ள மொய்ச்சுடும். அதனால முதல்ல கூடு, அப்புறம்தான் கிளை. கூட்டை எடுக்கறதும் பழகின ஆள், உடம்பு மூடுற உடுப்போட செய்யற வேலை.

நைட்ஷிஃப்ட்:
இவ்வளவு யோசனை எதுக்கு ப்ரோ? ராத்திரி தேனீக்குக் கண்ணு தெரியாது. ஒரு பந்தம் கொளுத்திக் காட்டினா முடிஞ்சுது.

தேன்பெட்டி:
பொழுது சாய்ஞ்சப்புறம்தான் எடுப்பாங்க, அது வரைக்கும் சரி. ஆனா மலைத்தேனீ நிலா வெளிச்சத்துலயே பறக்கும், வெளிச்சத்தைத் தேடி வரும். பந்தம் காட்டினா கலைஞ்சு, பக்கத்துல எரியற ஹால் லைட்டுக்குத்தான் வந்து சேரும். கிளை பத்திக்கிற அபாயம் வேற. வாடகைக்குடி, இப்போதைக்கு ராத்திரியில பால்கனி விளக்கைப் போடாதீங்க, திரையை இழுத்து விடுங்க.

சாவிக்கொத்து:
நான் வீடு வாடகைக்கு விடுறவன். "பயமா இருக்கு"ன்னு போன்ல சொன்னா "சரி சரி"ன்னுட்டு மறந்துடுவோம். எழுத்துல, போட்டோவோட அனுப்புங்க. இப்படி:

"சார், பால்கனி பக்கக் கிளையில் இரண்டடி அகலத்துக்கு மலைத்தேனீக் கூடு உள்ளது. கம்பியிலிருந்து ஆறேழு அடிதான். இன்று எடுத்த படம் இணைத்துள்ளேன். கூடு இருக்கும்போது கிளையை வெட்டினால், வெட்டுபவருக்கும் கீழ்வீட்டாருக்கும் ஆபத்து. பழகிய ஆளை வைத்து முதலில் கூட்டையும், பிறகு கிளையையும் அகற்றித் தர வேண்டும். ஆள் வரும் நாளை வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால், எல்லா வீட்டிலும் ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிடுகிறேன்."

கீழ்வீட்டாரையும் சேர்த்ததைக் கவனிச்சீங்களா? உங்க ஒருத்தர் தொல்லையா இருந்தா தள்ளிப்போடுவோம், கட்டடத்துக்கே ஆபத்துன்னா நகருவோம். மரம் உண்மையிலேயே அவர் மனைக்குள்ளதானா, பக்கத்து மனையா, தெருவோர மரமா என்பதையும் பார்த்துக்குங்க. அவர் மரம் இல்லேன்னா கை வைக்க அவருக்கே அனுமதி வேணும்.

வாடகைக்குடி:
மரம் எங்க காம்பவுண்டுக்குள்தான், அடிமரத்தைப் பார்த்துட்டேன். அப்படியே அனுப்பினேன். கூட்டுக்கு ஆள் விடுறேன்னுட்டார். "கூடு போனப்புறம் கிளை எதுக்கு வெட்டணும்"னு இப்போ அடுத்த கேள்வி.

தேன்பெட்டி:
அடை இருந்த இடத்துல மெழுகு ஒட்டியிருக்கும். அடுத்த பூப்பருவத்துல மலைத்தேனீ பழைய இடத்துக்கே திரும்பி வர்றது வழக்கம். கிளை அங்கேயே இருந்தா திரும்ப ஆள் தேடணும்னு சொல்லுங்க. அதோட, பூ குறையும்போது கூட்டம் தானாவே இடம் பெயரும். அதுவரை காத்திருக்கலாம்னும் அவர் சொல்லலாம். குழந்தை இருக்கிற வீட்டுல, அவ்வளவு கிட்டத்துல, நான் காத்திருக்க மாட்டேன்.

யாரையாவது கொட்டினா கையை வீசாம உள்ளே ஓடிக் கதவைச் சாத்துங்க, கொடுக்கை உடனே சுரண்டி எடுங்க. முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ, நிறைய இடத்துல கொட்டியிருந்தாலோ, நேரா ஆஸ்பத்திரி.

சாவிக்கொத்து:
நான் ஓனரா இருந்தா காத்திருக்கத்தான் சொல்லுவேன், செலவு மிச்சம். ஆனா போட்டோவோட எழுத்துல வந்தப்புறம் அப்படிச் சொல்லக் கொஞ்சம் தயங்குவேன்.

நைட்ஷிஃப்ட்:
எல்லாம் சரி, அந்தத் தேன் ஓனருக்கா, குடியிருக்கறவருக்கா?